நோட்டின் பெயரும் நோட்டின் கோடும்

ஆவடி–பூந்தமல்லி சாலையில் சென்னீர்குப்பத்தைக் கடக்கும் இடத்தில், மே மாதக் கடைசியில், எந்த ஸ்டேஷனரி கடையிலும் கையில் சீட்டோடு பெற்றோர் நிற்பார்கள். சீட்டின் தலைப்பில் மட்டும் ‘இரண்டாம் வகுப்பு’ என்று இருக்கும். கீழே போனால் ‘நாலு வரி – 3, இரட்டை வரி – 2, கட்டம் போட்டது – 2, கோடு போடாதது – 1’. கடைக்காரர் வகுப்பைக் கேட்பதில்லை, வரியைத்தான் கேட்கிறார். நோட்டுக்குப் பெயர் வைக்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சீட்டை. பெற்றோர் தேடுவது வகுப்பு என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் கையில் இருப்பதோ கோட்டின் பெயர்.

பிள்ளைக்குப் பிடித்த பெயர் வேண்டும், அதைப் பார்த்ததும் எந்த வகுப்புக்கு என்று பெற்றோருக்குத் தெரியவும் வேண்டும். சிறிய பைண்டிங் பட்டறை வைத்திருப்பவர்கள் சொந்தப் பெயரில் நோட்டு இறக்க நினைக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்தே கேட்கிறார்கள். இரண்டையும் ஒரே சொல்லால் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. நம் மாநிலத்திலும் வெளியிலும் இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து தொடங்கலாம்.

நமக்கு மிக அருகில் இருப்பது அரசின் முயற்சி. சென்னீர்குப்பம் இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில், அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பட்டது. கொரோனா காலத்தில் விட்டுப்போன எழுத்தையும் கணக்கையும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மீட்டுக் கொடுப்பது நோக்கம். அந்தத் திட்டத்தில் பிள்ளைகளின் நிலைக்கு வைத்த பெயர்கள் அரும்பு, மொட்டு, மலர். வாயில் எளிதாக வரும்; கேட்ட பிள்ளைக்குப் படம் மனதில் எழும்; எது முதலில், எது பிறகு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தமிழில் வரிசையைத் தானே சொல்லும் பெயர்த் தொகுதி இதைவிட நன்றாக அமைந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அது சொல்லும் வரிசை வகுப்பு வரிசை அல்ல, கற்றல் நிலை. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அரும்பு நிலையில் இருக்கலாம். வகுப்புக்குள் ஆசிரியருக்கு இது மிகப் பயனுள்ள செய்தி. அதே சொல்லைக் கடையில் விற்கும் நோட்டின் அட்டையில் பெரிதாக அச்சிட்டால் என்ன ஆகும்? பக்கத்து வீட்டுப் பையன் மொட்டு வைத்திருக்க, தன் கையில் அரும்பு இருப்பதைப் பிள்ளை உடனே கவனிப்பான். ஏறுவரிசையில் அமைந்த எந்தப் பெயரும், வயதில் பெரிய பிள்ளையின் கையில் கீழ்ப்படியில் வந்தால், அவனைக் கூச வைக்கும். அந்த நோட்டை அவன் பைக்குள்ளிருந்து வெளியே எடுக்கமாட்டான்.

இன்னொரு சிக்கல், வரிசை நீளாது. பூவின் நிலைகளைத் தமிழில் அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஏழாகச் சொல்வார்கள். கடைசி இரண்டும் உதிர்ந்த பூவுக்கும் வாடிய பூவுக்கும் உரியவை. ஐந்தாம் வகுப்போடு பூ முடிந்துவிடுகிறது. ஆறாம் வகுப்பு நோட்டுக்கு என்ன பெயர்? முகைக்கும் மொட்டுக்கும் உள்ள வேறுபாட்டை எத்தனை பெற்றோர் சொல்வார்கள்? மூன்று படிகள் வரை அழகாக நிற்கும் தொகுதி நான்காவது படியில் சரிந்துவிடுகிறது. வளர்ச்சியைச் சொல்லும் பெயர்களுக்கெல்லாம் இதே கதிதான். எறும்பு, முயல், யானை என்று விலங்குகளை வைத்துப் பார்த்தாலும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை யானைதான் வேண்டும் என்பான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு முயல் பிடிக்காது.

ஜெர்மனியில் நேர் எதிரான வழியில் போனார்கள். அங்கே பள்ளி நோட்டின் கோட்டு அமைப்புக்கு ‘லினியாட்டூர்’ என்று பெயர், அதற்கு எண் உண்டு. லினியாட்டூர் 1 என்றால் அகலமான நாலு வரி. எழுதத் தொடங்கும் முதல் வகுப்புக்கு. 2 என்றால் அதைவிடக் குறுகிய நாலு வரி. 3-இல் மேல்கோடும் கீழ்க்கோடும் போய் நடுவிலிருக்கும் இரண்டு கோடுகள் மட்டும். 4-இல் ஒற்றை வரி. வகுப்பு எண்ணும் கோட்டு எண்ணும் ஒன்றாகவே ஓடும்படி அமைத்திருக்கிறார்கள். ஆசிரியர் சீட்டில் ‘லினியாட்டூர் 3’ என்று எழுதினால் போதும். எந்தக் கம்பெனி நோட்டாக இருந்தாலும் அட்டையில் அதே எண் இருக்கும். எண் யாருடைய சொந்தப் பெயரும் அல்ல, எல்லாருக்கும் பொது. கம்பெனிகள் தங்கள் பெயரையும் படத்தையும் தனியே வைத்துக்கொண்டன. பிள்ளையைக் கவரும் வேலை படத்துக்கு, பெற்றோருக்குச் சொல்லும் வேலை எண்ணுக்கு என்று பிரிந்துவிட்டது. எண் கோட்டைத்தான் குறிக்கிறது, பிள்ளையை அல்ல; அதனால் மூன்றாம் வகுப்பில் இன்னும் எழுத்து வராத பிள்ளைக்கு 2 வாங்கினாலும் அது அவனைப் பற்றிய தீர்ப்பாக ஆகாது.

ஜப்பானில் 1970 முதல் ஷோவா நோட் நிறுவனம் விற்கும் ‘ஜப்போனிகா’ பயிற்சி நோட்டு இரண்டையும் ஒரே அட்டையில் வைத்துக் காட்டியது. பெயர் எல்லா வகுப்புக்கும் ஒன்று. அட்டையில் பூவோ விலங்கோ பெரிய நிழற்படமாக இருக்கும். அதோடு பாடத்தின் பெயரும், உள்ளே எத்தனை கட்டம் என்ற எண்ணும் தெளிவாக இருக்கும். ஜப்பானிய எழுத்தைக் கட்டத்துக்குள் எழுதிப் பழகுவதால், வகுப்பு ஏற ஏறக் கட்டம் சிறியதாகி எண்ணிக்கை கூடும். அம்மாவுக்கு அந்த எண்ணே போதும். ஆனால் இந்த நோட்டின் வரலாற்றில் ஒரு பாடமும் இருக்கிறது. பல தலைமுறைப் பிள்ளைகள் விரும்பிய பூச்சிப் படங்களை, பெற்றோரும் ஆசிரியர்களும் அருவருப்பாக இருப்பதாகச் சொன்னதால், 2012-இல் நிறுத்தினார்கள். பிள்ளைக்குப் பிடித்தது பெற்றோருக்குப் பிடிக்காமல் போனால் யார் சொல் நிற்கும் என்பது இதிலிருந்து தெரியும். பணம் கொடுப்பவர்தான் முடிவெடுக்கிறார். பிள்ளை ஆசையைச் சொல்லலாம். கடையில் பெற்றோர் ‘வேண்டாம்’ என்றால் அவ்வளவுதான்.

நம் நாட்டுக் கடைகளில் நிறைய விற்கும் பெயர்களைப் பார்த்தால், அவை வகுப்பைச் சொல்வதே இல்லை. ஐடிசி 2003-இல் இறக்கிய ‘கிளாஸ்மேட்’ அதற்கு நல்ல சான்று. கூடப் படிக்கும் தோழன் என்பது ஒன்றாம் வகுப்புக்கும் பொருந்தும், பன்னிரண்டாம் வகுப்புக்கும் பொருந்தும். யாரையும் சிறியவன் என்று சொல்லாத பெயர். பெயர் வயதைச் சுமக்காததால்தான் அது எல்லா வயதிலும் நிற்கிறது. வரி விவரம்தான் நம் நோட்டுகளில் பெரும்பாலும் நன்றாகத் தெரிவதில்லை. பின்னட்டையில் விலை, பக்கம், தயாரித்த மாதம் அச்சிடும் பெட்டிக்குள், அதே சிறிய எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். கூட்டமான கடையில் அதைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. நோட்டைப் பிரித்துப் பார்த்தே வாங்குகிறார்கள். மேலே பிளாஸ்டிக் உறை ஒட்டிய டஜன் கட்டாக இருந்தால் பிரிக்கவும் முடியாது.

பள்ளிக்கல்வித் துறையின் சிறுவர் இதழ்களிலும் இதே அமைப்புதான். நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு ‘ஊஞ்சல்’, ஆறு முதல் ஒன்பது வரை ‘தேன்சிட்டு’. இரண்டு பெயரிலும் வகுப்பின் நிழல்கூட இல்லை. எந்த வகுப்புக்கு என்பதை வேறு வழியில் தெரிந்துகொள்கிறோம். பெயர்கள் தளர்வாக, அழகாக இருக்க முடிந்தது அதனால்தான். பிரதம் புக்ஸ் தன் கதைப் புத்தகங்களை ஒன்று முதல் நான்கு வரை படிநிலை எண்ணால் பிரிப்பதும் இந்த வகைதான். கதைக்கு அதன் சொந்தத் தலைப்பு, படிநிலைக்குத் தனி எண்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் என் முடிவு இது: பெயரில் வகுப்பைத் திணிக்கக்கூடாது. பெயர் பிள்ளைக்கு, கோட்டின் பெயரும் ஒரு எண்ணும் பெற்றோருக்கு. நம் பள்ளிகளில் ஜெர்மனியைப் போல வகுப்பும் கோடும் ஒரே வரிசையில் ஓடுவதில்லை என்பதால், எண்ணை வகுப்போடு கட்டவும் கூடாது.

ஏன் ஓடுவதில்லை என்பதை எழுத்தே சொல்லும். தமிழுக்கு இரட்டை வரி பொருந்துகிறது. ‘ப’, ‘ட’ இரண்டு கோட்டுக்கும் நடுவில் முழுதாக அடங்கும். ‘கி’ போட்டால் மேல்சுழி மேல்கோட்டைத் தாண்டும், ‘பு’ போட்டால் கால் கீழ்க்கோட்டைத் தாண்டும். ஆங்கிலச் சின்ன எழுத்துக்கு ஏறுவதையும் இறங்குவதையும் அளந்து காட்ட நாலு வரி வேண்டும். கணக்குக்கு ஒரு கட்டத்தில் ஓர் இலக்கம் என்று கட்டம் வேண்டும். ஆக ஒரே வகுப்புப் பிள்ளையின் பைக்குள் மூன்று வகைக் கோடுகள் இருக்கும். நாலு வரியை எந்த வகுப்போடு நிறுத்தி ஒற்றை வரிக்கு மாறுவது என்பதிலும் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு. ஒரே தெருவில் அரசுப் பள்ளி, மெட்ரிக், சிபிஎஸ்இ என்று மூன்று வகைப் பிள்ளைகள் இருக்கும்போது, ‘மூன்றாம் வகுப்பு நோட்டு’ என்று அச்சிட்டால் ஒரு வீட்டுக்குச் சரியாகவும் அடுத்த வீட்டுக்குத் தவறாகவும் போகும்.

இதைச் சென்னீர்குப்பத்தில் ஒரு சிறு பட்டறை எப்படிச் செய்யலாம் என்று ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வகுப்பின் பெயரால் நோட்டு இறக்கினால், ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்பு, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி, இரட்டை வரி, கட்டம், ஒற்றை வரி என நான்கு. ஆக 20 விதமான அட்டை. பக்க எண்ணிக்கையில் இரண்டு வகை வைத்தால் 40. ஜூன் முடிந்து ஜூலையில் பார்த்தால் மூன்றாம் வகுப்புக் கட்டம் தீர்ந்திருக்கும், நான்காம் வகுப்புக் கட்டம் தேங்கியிருக்கும். உள்ளே தாள் ஒன்றுதான். அட்டையில் எழுதிய எண்ணால் விற்காது. கடைக்காரர் திருப்பி அனுப்புவார், அடுத்த வருடம் வரை கட்டி வைத்தால் அட்டை மங்கும். அதையே கோட்டின் பெயரால் செய்தால், நாலு வரியிலும் இரட்டை வரியிலும் கட்டத்திலும் அகலம் ஒன்று குறுகல் ஒன்று, ஒற்றை வரி ஒன்று. மொத்தம் ஏழு அட்டை. எது தேங்கினாலும் வேறு வகுப்புக்கு விற்கலாம்.

பெயருக்கு எடுத்துக்காட்டாக ‘மைனா’ என்று வைத்துக்கொள்வோம். இரண்டே எழுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையால் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட முடியும். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் விமானப்படையும் இருப்பதால், இந்தப் பக்கம் இந்தியும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் நிறைய. அவர்கள் வாயிலும் மைனா மைனாதான். ‘மழலை’ என்று வைத்திருந்தால் அந்த ழகரம் கடைக் கவுண்டரில் எப்படியெல்லாமோ மாறியிருக்கும். பெயர் குழந்தைத்தனமாகவும் இல்லை. ‘குட்டி’, ‘சுட்டி’, ‘பாப்பா’ என்று தொடங்கும் பெயர்களை நான்காம் வகுப்புக்கு வந்த பிள்ளை ஒதுக்கிவிடுகிறான். ஏறுவரிசை இல்லாததால் யார் கையில் எது இருந்தாலும் மைனாதான்.

அட்டையின் மேல் வலது மூலையில் பெரிதாக ‘நாலு வரி 1’. அதன் கீழே ஒரு வரி: ‘எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு. பொதுவாக எல்கேஜி முதல் ஒன்றாம் வகுப்பு வரை.’ குறுகலான நாலு வரிக்கு 2. கோட்டின் வகை ஒவ்வொன்றுக்கும் தனி நிறம். ‘பொதுவாக’ என்ற சொல் இல்லாமல் வகுப்பை எழுதக்கூடாது. பள்ளிச் சீட்டில் வேறாக இருந்தால் பெற்றோர் நம் நோட்டைத் தவறு என்று நினைக்காமல் சீட்டின்படி எடுத்துக்கொள்ள அந்தச் சொல்தான் இடம் தருகிறது. நோட்டுகளை அடுக்கி வைக்கும்போது முகப்பு தெரியாது என்பதால் அதே நிறப் பட்டை மடிப்பு ஓரத்தில் வளைந்து பின்னட்டைக்கும் போக வேண்டும். பின் அடித்த நோட்டில் முதுகு எழுத இடமிருக்காது. நிறம் மட்டுமே அங்கே பேசும்.

இதில் பெரும்பாலோர் மறந்துவிடும் ஒன்று உண்டு: பிரவுன் ஷீட். பெரும்பாலான பள்ளிகள் எல்லா நோட்டுக்கும் அட்டை போட்டு லேபிள் ஒட்டி வரச் சொல்கின்றன. பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே மைனாவும் நிறமும் எண்ணும் பழுப்புத் தாளுக்குள் போய்விடும். அக்டோபரில் நோட்டு தீர்ந்ததும் அம்மா என்ன செய்கிறாள்? தீர்ந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டி ‘இதே மாதிரி கொடுங்க’ என்கிறாள், இல்லையென்றால் பையனைக் கேட்கிறாள்; அவனுக்கு ‘இங்கிலீஷ் நோட்டு’ என்பதற்கு மேல் தெரியாது. ஆகவே அட்டையில் வைத்த தகவல் உள்ளேயும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியோரத்தில், எழுதும் இடத்துக்கு வெளியே, சிறிதாக ‘மைனா – நாலு வரி 1’ என்று கோடு அச்சிடும் அதே மையில் போட்டுவிடலாம். கோட்டுக்காக ஓடும் அச்சிலேயே சேர்ந்துவிடுவதால் தனிச் செலவு மிகக் குறைவு. கடைசிப் பக்கத்தைக் கிழித்து எடுத்துப் போனாலும் சரியான நோட்டு கிடைக்கும்.

பிள்ளையின் விருப்பத்துக்கும் பிரவுன் ஷீட் ஒரு வழி திறக்கிறது. அட்டைக்கு மேல் கடைசியாக ஒட்டுவது லேபிள். கடையில் தனியே வாங்கும் லேபிளைக் கட்டோடு சேர்த்து இலவசமாகக் கொடுத்து, அதில் மைனா படத்தையும் பெயர், வகுப்பு, பிரிவு, பாடம் எழுத இடத்தையும் வைத்தால், வருடம் முழுதும் வெளியே தெரிவது அதுதான். வகுப்பு அங்கே பிள்ளையின் கையெழுத்தில் வருகிறது; அச்சில் வரத் தேவையில்லை. அட்டைப் படத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை லேபிளுக்கு மாற்றச் சொல்வேன்.

சட்டமும் இந்தப் பிரிவையே நோக்கித் தள்ளுகிறது. 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, சரக்கின் வகையையோ பயனையோ வெறுமனே விவரிக்கும் சொல்லை ஒருவருக்கு மட்டும் சொந்தமாகப் பதிய அனுமதிக்காது. ‘நாலு வரி’, ‘ஒன்றாம் வகுப்பு’ போன்றவை எல்லாருடையவை. பதிவு செய்ய முடிவது மைனா போன்ற, நோட்டோடு நேர்த்தொடர்பில்லாத பெயரைத்தான். காகிதமும் எழுதுபொருளும் 16-ஆம் வகுப்பில் வரும். தனிநபரும் சிறுதொழிலும் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுக்கு நிற்கும், பிறகு புதுப்பிக்கலாம். சென்னைப் பதிவு அலுவலகம் கிண்டியில் இருக்கிறது.

விண்ணப்பத்துக்கு முன், அச்சுக்குப் போவதற்கும் முன், ipindia.gov.in தளத்தின் பொதுத் தேடலில் 16-ஆம் வகுப்பைப் போட்டுப் பார்க்க வேண்டும். எழுத்துப்படியும் ஒலிப்படியும் இரண்டு விதமாகத் தேடலாம். ஒலித் தேடலை விட்டுவிடக்கூடாது. பெயர் பெற்ற நோட்டுகளை ஒலியில் ஒத்திருக்கும் பெயர்கள் 11-ஆம் பிரிவில் சிக்கும். பதிவு இதழில் வெளியான நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்ப்பு தெரிவிக்கலாம். மைனா என்பதைக்கூட இங்கே எடுத்துக்காட்டுக்குத்தான் சொன்னேன். தேடிப் பார்க்காமல் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ் எழுத்தில் பதிவதானால் ஒலிபெயர்ப்பும் பொருளும் சேர்த்துத் தர வேண்டும். ஆங்கில எழுத்திலும் விற்கப் போகிறோம் என்றால் இரண்டையும் பதிவது நல்லது.

பெயர் சரியா என்று சோதிப்பதில் நம்மவர்கள் செய்யும் தவறு, பிள்ளைகளிடம் ‘இது பிடிக்குமா?’ என்று கேட்பது. பெரியவர் கேட்டால் பிள்ளை பிடிக்கும் என்றே சொல்லும். நான்கு பெயரைச் சொல்லிவிட்டு மறுநாள் எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால் உண்மை வரும். கடைக்காரரிடம் போய் அந்த நோட்டைப் பிள்ளையே வாயால் கேட்டு வாங்க முடிகிறதா என்று பார்ப்பது இன்னும் நல்லது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையோடு நிறுத்தாமல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடமும் கேட்க வேண்டும். பெயர் அங்கேதான் தோற்கும்.

பெற்றோருக்குச் சோதனை வேறு. ஏழு நோட்டையும் மேசையில் அடுக்கி, உண்மையான பள்ளிச் சீட்டு ஒன்றைக் கொடுத்து, எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். விளக்கம் எதுவும் சொல்லக்கூடாது. நோட்டைப் பிரித்துப் பார்த்தால் அட்டை தோற்றுவிட்டது என்று அர்த்தம். ‘இது எந்த வகுப்புக்கு?’ என்று கேட்டால் அடியில் போட்ட வரியின் எழுத்து சிறியது. 1-ஐ ஒன்றாம் வகுப்பு என்றும் 2-ஐ இரண்டாம் வகுப்பு என்றும் எடுத்தால், அதுதான் மிக ஆபத்தான தவறு, அடிக்கடி நடப்பதும் அதுவே. அப்படி வந்தால் எண்ணை விட்டுவிட்டு ‘நாலு வரி – அகலம்’, ‘நாலு வரி – குறுகல்’ என்று சொல்லாகவே போட்டுவிடலாம். அழகு சற்றுக் குறையும், குழப்பம் போய்விடும்.

இதில் பட்டறைக்காரர் தனியாகச் செய்ய முடியாத ஒன்றும் இருக்கிறது. ஜெர்மனியில் எண் வேலை செய்வது, எல்லாக் கம்பெனியும் எல்லா ஆசிரியரும் அதே எண்ணைச் சொல்வதால். நம் ஊரில் ஒரு பள்ளி ‘டூ ரூல்டு’ என்று எழுதுகிறது, இன்னொன்று ‘டபுள் லைன்’, மூன்றாவது ‘இருவரி’. சீட்டு எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஜூன் சீட்டில் ‘நாலு வரி – அகலம்’, ‘இரட்டை வரி – குறுகல்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்து எழுதுங்கள், கீழே ஒவ்வொரு கோட்டுக்கும் விரலளவு மாதிரி வரைந்து காட்டுங்கள். நோட்டு செய்பவர்கள் அதே சொல்லை அட்டையில் போடட்டும்.